மெடிசின் வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களை வரவேற்றுப் பேச: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டுப் பக்கம் துறைத்தலைவர் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. பொது மருத்துவத் துறையை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். சர்ஜரிக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் நோய்கள் மாறும், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் பேசலாம் சார்?

ஐந்து நிமிடம் போதும். வந்திருப்பவர்களில் இரண்டு பேராவது முந்தின ராத்திரி வேறு துறையில் டியூட்டி முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக வந்திருப்பார்கள். ஆறாவது நிமிடத்தில் அவர்கள் கண் சொருகும். அது அவர்கள் குற்றமில்லை.

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80, 90 தமிழ்ச் சொற்கள்தான் போகும். ஆகவே எழுதும்போதே 400 சொல்லுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ரவுண்ட்ஸ் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால், டெமான்ஸ்ட்ரேஷன் அறையில், எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுவது நல்லது. வார்டு நடுவில் நின்று பேசினால் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர் தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று பயந்துபோவார்.

அதான் டீன் கல்லூரி ஹாலில் வச்சு ஒரு தடவை வரவேற்றுப் பேசிடறாரே. நாமளும் எதுக்கு?

டீன் வரவேற்பது ஓராண்டுப் பயிற்சிக்கு. நீங்கள் வரவேற்பது ஆறு வாரத்துக்கு. 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி பன்னிரண்டு மாதப் பயிற்சியில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேற்றுக்கு 7, மெடிசினுக்கும் சர்ஜரிக்கும் ஆறாறு, மற்றவற்றுக்கு ஒன்றும் இரண்டும் மூன்றுமாகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் உங்கள் வாசலுக்கு வருடம் முழுக்கப் புதுப்புதுக் குழுக்கள் வந்துகொண்டே இருக்கும். டீன் பேசியது கேசுவால்டிக்கு யார் போன் செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லித் தராது.

அதற்காக ஒரே தாளை வருடம் முழுக்க வாசிக்காதீர்கள். இரண்டு விஷயம் மாறும். ஒன்று, குழு. வருடத் தொடக்கத்தில் வருகிற முதல் குழுவுக்கு ஐவி போடவே கை நடுங்கும். கடைசிக் குழு எல்லாத் துறையும் சுற்றிவிட்டு வந்திருக்கும். அவர்களிடம் கேனுலா பற்றிப் பேசினால் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று, பருவம். பிசான நெல் சாகுபடிக்கு வயலில் இறங்குகிற மாதங்களில் பாம்புக்கடி, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி டெங்கு, வெயில் காலத்தில் வேறு. 2023 டிசம்பர் 17, 18இல் வந்தது மாதிரி ஒரு வெள்ளம் வடிந்த பிறகு வருகிற குழுவுக்கு எலிக்காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நடுவில் உள்ள ஒரு பத்தியை மட்டும் மாற்றினால் போதும். முன்னும் பின்னும் அப்படியே இருக்கலாம்.

விளிப்பை யாரிலிருந்து ஆரம்பிக்கணும்? வரிசை தப்பினா வருத்தப்படுவாங்களே.

டீனோ மருத்துவக் கண்காணிப்பாளரோ வந்திருந்தால் அவர்களிலிருந்து தொடங்குங்கள். பிறகு பேராசிரியர்கள், இணை, உதவிப் பேராசிரியர்கள், செவிலியர் கண்காணிப்பாளர், பிஜிக்கள், கடைசியாக ஹவுஸ் சர்ஜன்கள். அது மேடை மரபு. யாரும் குறை சொல்ல முடியாது.

துறைக்குள்ளே மட்டும் நடக்கிற சின்னக் கூட்டமாக இருந்தால் நான் இதைத் தலைகீழாக்கிவிடுவேன். வரவேற்கப்படுகிறவர்களிலிருந்தே தொடங்கி, ‘துறையின் எல்லார் சார்பாகவும்’ என்று ஒரே மூச்சில் மற்றவர்களைச் சொல்லி முடித்துவிடலாம். செவிலியர்களையும் ஊழியர்களையும் மட்டும் அந்தப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். புதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரம் முழுக்கக் கைகொடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

அவங்களை எப்படிக் கூப்பிடறது? மாணவர்களேன்னா, தம்பி தங்கைகளேன்னா?

‘டாக்டர்களே’ என்று கூப்பிடுங்கள். இறுதித் தேர்வு முடித்து, தற்காலிகப் பதிவு வாங்கித்தான் வந்திருக்கிறார்கள். நிரந்தரப் பதிவு பயிற்சி முடிந்த பிறகு கிடைக்கும். நோயாளியின் சொந்தக்காரர் அவர்களை டாக்டர் என்றுதான் கூப்பிடப் போகிறார். அந்தப் பெயரை ஒரு பெரியவர் வாயால் முதலில் கேட்டுவிட்டால் வார்டில் கூச்சம் குறையும்.

மைக்கில் ‘நீங்கள்’தான். வார்டில் பழகின பிறகு ‘ஏ தம்பி, அந்த எக்ஸ்ரேயை எடுய்யா’ என்று சொல்வது நம்ம ஊர்ப் பாசம். அதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். முதல் நாளே வேண்டாம்.

மருத்துவ விஷயம் பேசணுமா? வரவேற்புரைதானே, வகுப்பு இல்லையே.

ஒன்றே ஒன்று பேசுங்கள். அதுவும் அன்று ராத்திரியே அவர்கள் கையால் செய்யப் போகிற ஒன்றாக இருக்கட்டும். வாழ்த்துச் சொற்களெல்லாம் மதியத்துக்குள் மறந்துபோகும். இது மறக்காது.

பிசான காலமென்றால் நான் தேர்ந்தெடுப்பது 20 நிமிட ரத்தப் பரிசோதனை. விரியன் கடித்தால் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கும். அதைக் கட்டிலோரத்திலேயே கண்டுபிடிக்கிற சோதனை இது. நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதிய, காய்ந்த, சுத்தமான கண்ணாடி டியூபில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, பிறகு ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. வேலை சின்னது. யாரிடம் விடுவார்கள்? ஹவுஸ் சர்ஜனிடம்தான்.

தப்பு நடப்பதும் இங்கேதான். களக்காட்டுப் பக்கமிருந்து ஒருவர் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் கடிவாய், லேசான வீக்கம். 8.10க்கு ரத்தம் எடுத்தாயிற்று. டியூப் பழையது, சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தது. கண்ணாடிச் சுவர்தான் ரத்தத்தை உறையத் தூண்டுவது. சோப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தத் தூண்டல் நடக்காது. நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். பிளாஸ்டிக் டியூபிலும் இதே கதைதான். இல்லையென்றால் டியூப் சரியாக இருந்தும், பிள்ளை பொறுமையில்லாமல் 8.18க்கு ஒரு தடவை, 8.23க்கு ஒரு தடவை சாய்த்துப் பார்த்து, ‘உறையலை சார்’ என்று ஓடிவரும். இரண்டிலும் முடிவு ஒன்றே: தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து போகும். அந்த மருந்துக்கே கடுமையான ஒவ்வாமை வரக்கூடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் பாம்பு கடிக்காத ஒருவருடைய ரத்தத்தை அதே மாதிரி இன்னொரு டியூபில் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அதுவும் உறையவில்லையென்றால் குறை டியூபில். ரத்தம் விட்ட நேரத்தை பிளாஸ்திரித் துண்டில் எழுதி டியூபிலேயே ஒட்டிவிட்டால் அவசரப்பட்டுச் சாய்ப்பதும் நிற்கும். அப்புறம் ஒரு எல்லை: நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. அவற்றில் இந்தச் சோதனை சரியாகவே வரும், ஆனால் இமை இறங்க ஆரம்பித்திருக்கும். ரத்தம் உறைந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

இதெல்லாம் உரைக்குள் வர வேண்டியதில்லை. மூன்று நான்கு வரி போதும். மீதியைப் பிஜி வார்டில் செய்து காட்டுவார்.

மாதிரிக்கு முழு உரை ஒண்ணு எழுதிக் குடுங்களேன்.

பிசான நடவு சமயத்தில் வருகிற ஒரு குழுவுக்கு இப்படிப் பேசலாம்:

> அனைவருக்கும் காலை வணக்கம்.
>
> டாக்டர்களே! உங்களைத்தான் சொல்கிறேன், யாரும் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாம். இன்றிலிருந்து ஆறு வாரம் நீங்கள் இந்தத் துறையின் மருத்துவர்கள். பேராசிரியர்கள், முதுநிலை மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள் அனைவர் சார்பாகவும் உங்களை அன்போடு வரவேற்கிறேன்.
>
> முதலில் இரண்டு பேரை அறிமுகம் செய்கிறேன். இவர் நம் வார்டின் பொறுப்புச் செவிலியர். ‘டாக்டர், அந்த ஏழாம் நம்பரைக் கொஞ்சம் பாருங்க’ என்று இவர் சொன்னால், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவர் உங்கள் டியூட்டிப் பட்டியலைப் போடுகிற முதுநிலை மருத்துவர். விடுப்பு, டியூட்டி மாற்றம் எல்லாம் இவர் வழியாக வரட்டும்.
>
> இது பிசான நடவு நேரம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, களக்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் பாம்பு கடித்தவர்கள் வருவார்கள். 20 நிமிட ரத்தப் பரிசோதனை உங்கள் கையில்தான் இருக்கிறது. புதிய கண்ணாடி டியூபை எடுங்கள். நேரத்தை எழுதி ஒட்டுங்கள். 20 நிமிடம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். நீங்கள் சொல்லும் முடிவை நம்பித்தான் நாங்கள் மருந்து போடப் போகிறோம்.
>
> சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள். முதலில் முதுநிலை மருத்துவர், அவர் கிடைக்காவிட்டால் டியூட்டி உதவிப் பேராசிரியர், அவரும் கிடைக்காவிட்டால் நான். ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டதற்காக இந்தத் துறையில் யாரும் உங்களை ஏசக் கூடாது. ஏசினால் என்னிடம் வந்து சொல்லுங்கள். கூப்பிடாமல் இருந்ததற்குத்தான் நான் விளக்கம் கேட்பேன்.
>
> நோயாளியின் வீட்டார் உங்களைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ‘பொழைச்சிருவாங்களா டாக்டர்?’ என்று கையைப் பிடித்துக் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள். கஷ்டம்தான் என்றும் சொல்லிவிடாதீர்கள். என்ன மருந்து போகிறது, அடுத்து எப்போது பார்ப்போம் என்பதைச் சொல்லுங்கள். பெரிய டாக்டரைப் பேசச் சொல்கிறேன் என்றால், மறக்காமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள். மரணச் செய்தியை நீங்கள் தனியாகச் சொல்லும் நிலை இந்தத் துறையில் வராது. எங்களில் ஒருவர் கூட இருப்போம்.
>
> நான் எதிர்பார்ப்பது இரண்டுதான். காலை 8 மணிக்கு நீங்கள் வார்டில் இருக்க வேண்டும். நீங்கள் பார்க்காத எதையும் கேஸ் ஷீட்டில் எழுதக் கூடாது. பிபி பார்க்கவில்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்கட்டும். காலி இடத்துக்காக ஏதாவது சொல்வேன், பொய்யான எண்ணுக்காக உங்கள் லாக் புக்கில் கையெழுத்துப் போட மாட்டேன்.
>
> ராத்திரி டியூட்டிக்குச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முடியவில்லையென்றால் ஒருவர் பார்த்துக்கொள்ள, ஒருவர் போய்ச் சாப்பிட்டு வாருங்கள். பசியோடு நிற்கும் டாக்டர் எங்களுக்கு வேண்டாம்.
>
> உங்கள் வருகையால் எங்களுக்கும் வேலை கொஞ்சம் குறையும். அதற்காகவும் நன்றி. வாங்க, வார்டுக்குப் போவோம்.

வாய்விட்டு வாசித்துப் பார்த்து, மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். ‘யாரும் ஏசக் கூடாது’ என்பதைச் சொல்லும்போது பிள்ளைகளைப் பார்க்காமல் பிஜிக்களைப் பாருங்கள். அந்த வரி அவர்களுக்கு.

கண்டிப்பா ரெண்டு வார்த்தை சொன்னாத்தானே பயம் இருக்கும்?

இருக்கும். ஆனால் அந்தப் பயத்தால் ராத்திரி போன் வராது. மூச்சு வாங்குகிற நோயாளியை ஹவுஸ் சர்ஜன் ஒருவர் தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அறியாமையால் அல்ல, சீஃப் என்ன சொல்வாரோ என்ற தயக்கத்தால்தான். அதனால்தான் மேலே உள்ள உரையில் கண்டிப்பு, கூப்பிடாமல் இருப்பதன் மேல் விழுகிறது.

விதிகளைச் சொல்வதென்றால் மிரட்டாமல் விதியாகவே சொல்லுங்கள். வருடம் முழுக்கச் சேர்த்து 15 நாள்தான் விடுப்பு, அதற்கு மேல் போனால் பயிற்சி நீளும். இதைச் சொல்ல ஒரு வரி போதும், குரலை உயர்த்தத் தேவையில்லை. போன வருடக் குழுவில் யார் என்ன செய்தார்கள் என்ற கதை மட்டும் வேண்டவே வேண்டாம். யாரைச் சொல்கிறீர்கள் என்று ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தமிழ் தெரியாத பிள்ளைங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்க. இங்கிலீஷ்லயே பேசிடவா?

வேண்டாம். அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டில் போவதால் வெளிமாநிலப் பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் இத்தனை வருடம் இங்கே படித்ததில் நிதானமாகப் பேசினால் புரிந்துகொள்வார்கள். பாம்புக்கடி பற்றிய பத்தியையும் போன் வரிசையையும் மட்டும் இங்கிலீஷில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுங்கள்.

அவர்களுக்கு உண்மையான சிரமம் உங்கள் உரையில் இல்லை, சங்கரன்கோவில் பாட்டி ஒரே மூச்சில் சொல்கிற நோய்க்கதையில்தான். சென்னைப் பிள்ளைக்கே அதில் பாதி பிடிபடாது. ஆகவே டியூட்டி போடும்போதே ஒவ்வொருவருக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவரை ஜோடியாகப் போட்டுவிட்டு, அதை உரையிலேயே அறிவித்துவிடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது குறைவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

உரையில கொஞ்சம் நகைச்சுவை சேர்க்கலாமா? அல்வா குடுத்து வரவேற்கலாம்னு ஒரு யோசனை.

அல்வா தாராளமாகக் கொடுங்கள். அல்வா ஜோக் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் சேர்ந்த நாளிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். டீயும் அல்வாவும் பேச்சுக்கு முன்னால் வந்தால் கை பிசுபிசுப்போடு உட்கார்ந்திருப்பார்கள், முடிந்த பிறகு வரட்டும்.

எனக்கு மேடைப் பேச்சே வராது. தாளைப் பார்த்து வாசிச்சா மரியாதைக் குறைவா?

இல்லவே இல்லை. முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்க்காமல் சொல்லுங்கள், நடுவில் வாசிக்கலாம். பொறுப்புச் செவிலியரை அறிமுகம் செய்யும்போது அவர் பெயரைத் தாளில் பார்த்துச் சொல்லக் கூடாது, அது மட்டும் கவனம்.

பேசி முடிச்ச உடனே என்ன செய்யணும்?

போன் எண்கள் அச்சடித்த ஒரு சின்னத் தாளைக் கொடுங்கள்: டியூட்டி பிஜி, உதவிப் பேராசிரியர், நீங்கள், ரத்த வங்கி, கேசுவால்டி, லேப். கழுத்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகுகிற அளவில் இருந்தால் தொலையாது. பிறகு நீங்களே கூட நடந்து போய், அவசர மருந்து டிராலி எங்கே நிற்கிறது, ஆக்ஸிஜன் சிலிண்டரின் சாவி எங்கே தொங்குகிறது, புதிய கண்ணாடி டியூப்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று காட்டிவிடுங்கள். போவதற்கு முன்னால் அந்தத் தட்டில் டியூப் இருக்கிறதா என்று சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உரையில் அவ்வளவு சொல்லிவிட்டுத் தட்டு காலியாக இருந்தால் நன்றாக இருக்காது.